ஸ்கேன் செய்த கொள்முதல் பில்லிலிருந்து சரக்கு விவரங்களைப் பிரித்தெடுப்பது எப்படி?

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு கொள்முதல் பில்களைப் பற்றிய விவரம் நமக்கு இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, சரக்கோடு வரும் காகித பில். மற்றொன்று, ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி. தளத்தில் நம் பெயரில் தயாராகும் 2பி அறிக்கை. 2பி-யில் யார் நமக்கு பில் போட்டார், பில் எண், தேதி, வரி கணக்கிடப்பட்ட மதிப்பு, வரித்தொகை எல்லாம் இருக்கும். ஆனால் அந்த பில்லில் சர்க்கரை எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, மிளகாய் எத்தனை கிலோ என்பது அதில் இராது. இருப்புக் கணக்குக்கும், அடக்க விலைக்கும், "போன தடவை என்ன ரேட் போட்டார்?" என்ற கேள்விக்கும் காகித பில்லைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

ஐந்து அயிட்டம் உள்ள பில்லைக் கையால் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். கும்பகோணத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வரும் மளிகை பில்கள் நாற்பது, ஐம்பது அயிட்டங்களாக நீளும்போது, அதிலும் தீபாவளி, பொங்கல் சமயத்தில் சேர்ந்து கிடக்கும்போது, அது நடக்கிற காரியமாக இருப்பதில்லை. பில்லை ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்துகளைக் கம்ப்யூட்டரையே படிக்கச் செய்யும் ஓ.சி.ஆர். முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது, தவறை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரு பில்லை வைத்துப் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்வது டெஸரேக்ட் என்னும் இலவச மென்பொருள். 1985 முதல் 1994 வரை ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனியில் உருவாகி, 2005-இல் எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டது. பிறகு கூகுள் கம்பெனி அதை வளர்த்தது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து ஓர் எழுத்தைத் தனியாகப் பார்க்காமல் வரிசை முழுவதையும் சேர்த்துப் பார்த்துப் படிக்கிறது. தமிழும் படிக்கும். ஆனால் நமக்கு வரும் மொத்த வியாபார பில்களில் பெரும்பாலும் சரக்கின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அச்சாகிறது. அப்படிப்பட்ட பில்லுக்கு ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. தமிழையும் சேர்த்தால் சில எண்களைக் கூடத் தமிழ் எழுத்தாக எண்ணிக் குழப்புகிறது.

படம் சரியாக இருக்க வேண்டும்

ஸ்கேனரை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் 6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் படத்திலேயே இராது. பிறகு எந்த மென்பொருளாலும் அதை வரவழைக்க முடியாது. செல்போனில் படம் எடுப்பவர்கள் பில்லை மேஜையில் படுக்க வைத்து, நேர் மேலேயிருந்து, நிழல் விழாமல் எடுக்க வேண்டும்.

கோணல் ஒரு பெரிய தொல்லை. ஏ4 காகிதம் 300 புள்ளி அளவில் ஏறக்குறைய 2,480 புள்ளி அகலம் இருக்கும். பில் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போவதற்குள் 43 புள்ளி உயரம் மாறிவிடும். சாதாரண பில்லில் ஓர் அங்குலத்துக்கு ஆறு வரிசை, அதாவது வரிசைக்கு வரிசை 50 புள்ளிதான் இடைவெளி. எனவே இடப்பக்கம் உள்ள "SUGAR"-க்கு நேரே வலப்பக்கம் அடுத்த அயிட்டத்தின் தொகை வந்து நிற்கும். ஒரு பில்லில் ஒன்றிரண்டு வரிசை தவறாக வராமல், எல்லா வரிசையும் தவறாக வந்து, தொகைகள் ஒரு படி மேலோ கீழோ தள்ளி நின்றால் முதலில் கோணலைச் சந்தேகிக்க வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த பில்லில் எழுத்து முழுக் கோடாக இராது, புள்ளி புள்ளியாக இருக்கும். ரிப்பன் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மென்பொருள் அந்தப் புள்ளிகளைத் தனித்தனி அழுக்காக எடுத்துக்கொள்ளும். படத்தை இலேசாக மங்கச் செய்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். படத்தை மங்கச் செய்தால் எழுத்து தெளிவாகிறது என்பது வேடிக்கையாக இருந்தாலும் உண்மை. கோணலை நிமிர்த்துவதையும் இதையும் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் செய்யலாம்:

```
magick bill.png -colorspace Gray -deskew 40% +repage -blur 0x1 bill2.png
```

நமக்கு வருவது ரோஸ் நிறக் கார்பன் பிரதியாக இருந்தால் `-colorspace Gray` என்ற இடத்தில் `-channel R -separate` என்று போட வேண்டும். படத்தின் சிவப்புப் பங்கை மட்டும் எடுத்தால் ரோஸ் காகிதம் வெள்ளையாகிவிடும், நீல எழுத்து கறுப்பாக நிற்கும். லேசரில் அச்சான தெளிவான பில்லுக்கு மங்கச் செய்யும் பகுதி தேவையில்லை.

இரண்டு விஷயங்களுக்குக் கம்ப்யூட்டரில் மருந்து இல்லை. வெப்பத்தில் அச்சாகும் வழவழப்புக் காகித பில், பிளாஸ்டிக் உறையிலோ எண்ணெய்க் கை பட்டோ இருந்தால் வெளுத்துப்போகும். அதை வந்த அன்றே ஸ்கேன் செய்துவிட வேண்டும். அடுத்தது, "சரக்கு பெறப்பட்டது" என்று நாமே குத்தும் ரப்பர் ஸ்டாம்ப். பல கடைகளில் அதைத் தொகை மேலேயே பளிச்சென்று குத்துகிறார்கள். ஸ்கேன் செய்த பிறகு குத்தலாம், அல்லது அடியில் காலியான இடத்தில் குத்தலாம்.

படிக்கச் செய்தல்

படம் தயாரான பிறகு கொடுக்க வேண்டிய கட்டளை இது:

```
tesseract bill2.png bill -l eng --psm 6 tsv
```

இதில் `--psm 6` முக்கியம். பில் முழுவதையும் ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகப் படி என்று அதற்குப் பொருள். அதை விட்டுவிட்டால் மென்பொருள் செய்தித்தாளைப் படிப்பது போலப் பத்தி பிரித்துப் படிக்கும். எல்லாப் பெயர்களும் ஒரு பக்கம், எல்லா விலைகளும் ஒரு பக்கம் என்று வந்து சேரும், எது எதற்கு என்று தெரியாது.

கடைசியில் உள்ள `tsv` என்பதால் `bill.tsv` என்ற கோப்பு கிடைக்கும். அதை எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளில் திறக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசை. அந்தச் சொல் படத்தில் எங்கே இருக்கிறது என்பது `left`, `top`, `width`, `height` என்ற தலைப்புகளின் கீழும், மென்பொருளுக்கு அந்தச் சொல்லில் எவ்வளவு நம்பிக்கை என்பது `conf` என்ற தலைப்பின் கீழும் இருக்கும்.

எந்த எண் அளவு, எந்த எண் விலை, எந்த எண் தொகை என்பதை இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எண்கள் பில்லில் வலது ஓரம் ஒட்டி அச்சாகும். 965.00 என்பதும் 7,488.00 என்பதும் வெவ்வேறு இடத்தில் தொடங்கினாலும் ஒரே இடத்தில் முடியும். எனவே எண்களுக்கு `left` மட்டும் பார்க்காமல், `left`-உடன் `width`-ஐக் கூட்டி வரும் வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும். பெயருக்கு இடது ஓரம். ஒரு மொத்த வியாபாரியின் பில் எப்போதும் ஒரே அமைப்பில்தான் வரும் என்பதால், அவருடைய பில்லுக்கு ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். "AMOUNT" போன்ற தலைப்புச் சொல் இருக்கும் இடத்திலிருந்து அளந்தால், ஸ்கேனரில் காகிதம் சற்று நகர்ந்து வைக்கப்பட்டாலும் கணக்கு தவறாது.

`conf` எண்ணை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. குறைவாக இருந்தால் அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் 96.50-ஐ 98.50 என்று படித்துவிட்டு 90-க்கு மேல் நம்பிக்கை காட்டுவதும் உண்டு. "SUGAB" என்று வந்தால் யாருக்கும் தவறு என்று தெரியும். 98.50 என்று வந்தால் பார்த்தவுடன் யாருக்கும் தெரியாது.

ஒரு பில்

எடுத்துக்காட்டாக ஐந்து அயிட்டம் உள்ள ஒரு பில். எல்லாம் 5 சதவீத வரிக்கு உட்பட்ட சரக்கு. சர்க்கரை 150 கிலோ 43.20 வீதம் 6,480.00, நல்லெண்ணெய் ஒரு லிட்டர் 24 எண்ணம் 312.00 வீதம் 7,488.00, வரமிளகாய் 20 கிலோ 185.00 வீதம் 3,700.00, தனியா 15 கிலோ 128.00 வீதம் 1,920.00; கடுகு 10 கிலோ 96.50 வீதம் 965.00. ஆக 20,553.00. மத்திய வரி 513.83, மாநில வரி 513.83. முழு ரூபாயாக்க 0.34 சேர்த்து மொத்தம் 21,581.00.

மென்பொருள் படித்துக் கொடுத்தது இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
1 SUGAR 530         1701  150  43.20  6,480.00
2 GINGELLY OIL 1L   1515  Z4  312.00  7.488.00
3 DRY CHILLI        O904 |20  185.00  3,700.00
4 DHANIYA           0909 115  128.00  1,920.00
5 MUSTARD           1207  10  98.50     965.00
```

ஐந்து வரிசையிலும் ஏதோ ஒரு தவறு இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை.

இரண்டாம் வரிசையில் 24 என்பது `Z4` ஆகியிருக்கிறது. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் அதைத் திருத்துவது எளிது. O, Q, D என்பவை 0. I, l என்பவை 1. Z என்பது 2. S என்பது 5. G என்பது 6. B என்பது 8. ஆனால் இந்த மாற்றத்தை எண் உள்ள பத்திகளில் மட்டும் செய்ய வேண்டும். பில் முழுவதற்கும் ஒரே அடியாக மாற்றினால் "SUGAR" என்பது "5U6AR" ஆகிவிடும். முதல் வரிசையில் நடந்திருப்பது இதற்கு நேர் எதிர். சர்க்கரையின் ரகம் S30. நம் மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். மென்பொருள் அதை `530` என்று எண்ணாக்கிவிட்டது. எனவே பெயர்ப் பத்திக்கு ஒரு விதி, எண் பத்திக்கு ஒரு விதி என்று பிரித்துத்தான் ஆக வேண்டும். மூன்றாம் வரிசையில் `O904` என்று வந்திருப்பது எச்.எஸ்.என். எண். அங்கே எழுத்தே வராது, ஆகவே O என்பதை 0 ஆக்கிவிடலாம்.

அதே இரண்டாம் வரிசையில் `7.488.00` என்று காற்புள்ளி முற்றுப்புள்ளியாகியிருக்கிறது. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. தொகைப் பத்தியில் எப்போதும் இரண்டு பைசா இலக்கம் அச்சாகும் பில்லாக இருந்தால், புள்ளி, காற்புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிஞ்சும் 748800 என்பதைப் பைசாவாக எடுத்துக்கொள்ள வேண்டும். லட்சத்துக்கு மேல் போகும் தொகைகளில் இரண்டு காற்புள்ளி வரும்போது இந்த வழி மிகவும் கைகொடுக்கும். முழு ரூபாய்க்குப் பைசா போடாத பில்லில் இதைச் செய்தால் 6,480 ரூபாய் 64 ரூபாய் 80 பைசா ஆகிவிடும். எனவே பில்லின் பழக்கம் தெரிந்து செய்ய வேண்டும். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளைகளுக்குப் பைத்தான் தெரிந்திருந்தால் இவ்வளவுதான் எழுத வேண்டியது:

```python
M = str.maketrans("OoQDIlZSBG", "0000112586")

def paise(s):
    s = s.strip("|[] ").translate(M)
    d = "".join(c for c in s if c.isdigit())
    return int(d) if d else None
```

மூன்றாம் வரிசையில் 20-க்கு முன்னால் நிற்கும் `|` என்பது பில்லில் போட்டிருக்கும் கட்டக் கோடு. அது கோடாகவே வந்தால் நல்லது, நீக்கிவிடலாம். நான்காம் வரிசையில் அதே கோடு 1 என்று படிக்கப்பட்டு, 15 கிலோ தனியா 115 கிலோ ஆகிவிட்டது. எழுத்து எதுவும் கலக்கவில்லை, பார்த்தால் சுத்தமான எண். இதை மேலே சொன்ன எந்த விதியும் பிடிக்காது.

பெருக்கிப் பார்த்தல்

பிடிப்பது நம் கணக்குப்பிள்ளைகளின் பழைய வழிதான். அளவை விலையால் பெருக்கினால் தொகை வர வேண்டும். அட்டவணையில் அளவு D-யிலும் விலை E-யிலும் தொகை F-இலும் இருந்தால் பக்கத்தில் `=ROUND(D2*E2-F2,2)` என்று போட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும். ஒரு பைசாவுக்கு மேல் வித்தியாசம் காட்டும் வரிசையைத் தனியே பார்க்க வேண்டும்.

தனியா வரிசையில் 115-ஐ 128-ஆல் பெருக்கினால் 14,720. பில்லில் 1,920. தொகையை விலையால் வகுத்தால் சரியாக 15 வருகிறது. 15-க்கும் 115-க்கும் முன்னால் ஒரு 1 மட்டுமே வித்தியாசம், அந்த இடத்தில் கட்டக் கோடும் இருக்கிறது. எனவே அளவுதான் தவறு. 14,720 என்பது 1,920 என்று படிக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டுமானால் பல இலக்கங்கள் ஒரே சமயத்தில் தவறியிருக்க வேண்டும், அது நடப்பது அரிது.

கடுகு வரிசை இவ்வளவு எளிதல்ல. 10-ஐ 98.50-ஆல் பெருக்கினால் 985. படித்தது 965. இங்கே இரண்டு விதமாக நடந்திருக்கலாம். விலை 96.50 ஆக இருந்து 6 என்பது 8 ஆகியிருக்கலாம். அல்லது விலை 98.50 சரியாக இருந்து, தொகையில் 985 என்பது 965 ஆகியிருக்கலாம். இரண்டும் ஒரே ஓர் இலக்கத் தவறுதான். வரிசையை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில் ஊகித்துத் திருத்துகிறவர்கள் அடக்க விலையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் தவறாக ஏற்றிக்கொண்டு, அதன்மேல் லாபம் வைத்து விற்பார்கள்.

கூட்டுத்தொகைதான் தீர்ப்புச் சொல்லும். முதல் நான்கு வரிசைகளின் தொகை 19,588.00. அதோடு 965 சேர்த்தால் 20,553. 985 சேர்த்தால் 20,573. பில்லின் அடியில் இருப்பது 20,553.00. ஆகவே தொகை சரி, விலைதான் 96.50. அடியில் உள்ள கூட்டுத்தொகையும் தவறாகப் படிக்கப்பட்டிருந்தால்? வரியை வைத்துப் பார்க்கலாம். 20,553-க்கு இரண்டரை சதவீதம் 513.825, பில்லில் 513.83. பொருந்துகிறது. 20,573 ஆக இருந்தால் வரி 514.33 என்று இருந்திருக்கும். வரியில் மட்டும் சில பைசா வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சில பில் மென்பொருள்கள் அயிட்டத்துக்கு அயிட்டம் வரியை முழுமையாக்கும், சில மொத்தத்துக்கு முழுமையாக்கும்.

விலையும் தொகையும் இரண்டுமே 8 என்று தவறிப்போய் 98.50, 985.00 என்று வந்திருந்தால் வரிசை சரியாகவே காட்டும். அதையும் கூட்டுத்தொகைதான் பிடிக்கும், சரியாக 20 ரூபாய் இடிக்கும். ஆகவே வரிசைக் கணக்கு, அடிக் கணக்கு இரண்டையும் போட வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று போதாது.

பேரேடு எழுதிப் பழகியவர்கள் கணக்கு இடித்தால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். 54 என்பதை 45 என்று மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். அந்த உபாயம் இங்கே செல்லாது. மனிதன் இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவான். மென்பொருள் இடம் மாற்றாது, ஓர் இலக்கத்தை வேறோர் இலக்கமாகத்தான் படிக்கும். எனவே வித்தியாசம் 2, 20, 200 என்று வந்தால் 6-8 குழப்பம். 5, 50, 500 என்று வந்தால் 3-8. 6, 60, 600 என்று வந்தால் 1-7 என்று தேடலாம். வித்தியாசம் ஒரு முழு அயிட்டத்தின் தொகையாக இருந்தால் அந்த வரிசையே விடுபட்டிருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்திலும், பக்கம் திரும்பும் இடத்திலும் இது நடக்கும்.

கணக்கு இடித்தாலும் தவறு இல்லாத இடம்

மூட்டைக் கணக்கில் பில் போடுகிறவர்கள் உண்டு. அதே சர்க்கரையை அளவு 3 மூட்டை, விலை குவிண்டாலுக்கு 4,320.00, தொகை 6,480.00 என்று போட்டிருந்தால், மூன்றை 4,320-ஆல் பெருக்கினால் 12,960 வரும். சரியாக இரண்டு மடங்கு. எழுத்துப் படித்ததில் தவறில்லை. மூட்டை 50 கிலோ, விலை 100 கிலோவுக்கு. இப்படி வித்தியாசம் ஒரு மடங்காக வந்தால் திருத்தக் கை வைக்கும் முன் அளவை என்ன என்று பார்க்க வேண்டும். தள்ளுபடிக்குத் தனிப் பத்தி உள்ள பில்லிலும், 10-க்கு 1 இலவசம் என்று கொடுக்கும் கம்பெனி பில்லிலும் இதே கதைதான். அந்தந்த வியாபாரிக்கு அவர் கணக்குப் போடும் முறையை எழுதி வைத்துக்கொள்வதே வழி.

கணக்கு இடிக்காவிட்டாலும் தவறு உள்ள இடம்

`SUGAR 530` எல்லாக் கணக்கிலும் தேறிவிட்டது. பெயரையும் எச்.எஸ்.என். எண்ணையும் எந்தப் பெருக்கலும் பிடிக்காது. அவற்றுக்கு நம் கடையின் சரக்குப் பட்டியல்தான் ஆதாரம். படித்த பெயரைப் பட்டியலில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டு, ஓரிரு எழுத்து மட்டும் மாறுபடும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் "DHANIYA" என்பார், இன்னொருவர் "CORIANDER" என்பார், மூன்றாமவர் "KOTHAMALLI" என்பார். இதற்கு வியாபாரிவாரியாக ஒரு மாற்றுப் பெயர்ப் பட்டியலும் வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் ஓர் ஆபத்து. "GINGELLY OIL 1L" என்பதற்கும் "GINGELLY OIL 5L" என்பதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஓரெழுத்துப் பிழை என்று எண்ணிக் கம்ப்யூட்டர் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடும். எனவே பெயரிலிருந்து 1L, 500ML, 26KG போன்ற அளவைத் தனியே பிரித்து, பெயரைப் பெயரோடும் அளவை அளவோடும் ஒப்பிட வேண்டும். அளவு சரியாக ஒத்துப்போகாவிட்டால் ஆள் பார்க்க வேண்டும். முந்தைய கொள்முதல் விலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு லிட்டருக்கு ஐந்து லிட்டர் விலை வரும்போதே தெரிந்துவிடும்.

அரிசி வியாபாரிகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை லேபிள் ஒட்டி அடைத்த அரிசிக்கு 5 சதவீத வரி. அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கு வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ சிப்பம் கடைகளுக்கு வந்தது. பில்லில் `26KG` என்பது `25KG` என்று படிக்கப்பட்டால், நம் கணக்கில் வரி உள்ள சரக்காகப் போய் உட்காரும். விலை சிப்பத்துக்குத்தானே, கிலோவுக்கு இல்லையே. பெருக்கல் கணக்கு ஒன்றும் சொல்லாது. 25 கிலோ என்று படித்து, அந்த வரிசையில் வரி பூஜ்யமாக இருந்தால் அதை நிறுத்திப் பார்க்கும்படி ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வியாபாரியின் ஜி.எஸ்.டி. எண்ணைப் படித்து நேராக ஏற்ற வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பதினைந்து இலக்கம்; எழுத்தும் எண்ணும் கலந்தது; S-5, O-0, Z-2 எல்லாக் குழப்பமும் ஒரே இடத்தில் கூடும். நாம் சரக்கு எடுப்பது இருபது, முப்பது பேரிடம்தான். அவர்கள் எண்களைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, படித்தது எதோடு பொருந்துகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். புது வியாபாரியாக இருந்தால் அமைப்பை வைத்துத் திருத்தலாம். முதல் இரண்டும் மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. பதினான்காவது இலக்கம் வழக்கமாக Z. அங்கே 2 என்று வந்தால் அது Z-தான்.

க்யூ.ஆர். கட்டம்

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள் 2023 ஆகஸ்ட் முதல், பதிவு பெற்ற நம்மைப் போன்றோருக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாகப் போட வேண்டும். அந்த பில்லில் உள்ள சதுரக் கட்டத்தில் விற்பவர், வாங்குபவர் ஜி.எஸ்.டி. எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை அயிட்டம், முக்கியமான சரக்கின் எச்.எஸ்.என். எண் ஆகியவை இருக்கின்றன. அயிட்டம் ஒவ்வொன்றின் அளவும் விலையும் அதில் இல்லை, ஆகவே ஓ.சி.ஆர். வேலை மிச்சமாகாது. ஆனால் சரிபார்க்க அருமையான கருவி. அதில் உள்ளது அச்சைப் பார்த்துப் படித்ததல்ல என்பதால் 6-8 குழப்பம் கிடையாது. அயிட்டம் 43 என்று கட்டம் சொல்லி, நாம் எடுத்தது 42 என்றால் ஒரு வரிசை போய்விட்டது என்று உடனே தெரியும். சாதாரண ஸ்கேனர் செயலியில் அது நீண்ட எழுத்துக் குவியலாகத் தெரியும். இ-இன்வாய்ஸ் கட்டத்தைச் சரிபார்ப்பதற்கென்று உள்ள அரசு செயலியில் காட்டினால் விவரமாக வரும்.

சிறு வியாபாரிகளின் பில்லில் அந்தக் கட்டம் இராது. அவர்களுக்கு 2பி-யில் வரும் மதிப்போடு நம் கூட்டுத்தொகையை ஒப்பிட வேண்டும். மாதம் முடிந்து வருவதால் தாமதம்தான். ஆனாலும் அது நம் ஸ்கேனரைச் சாராத எண்.

கையால் எழுதிய சிட்டைகளை இந்த முறையில் போட வேண்டாம். டெஸரேக்ட் அச்செழுத்துக்காகச் செய்யப்பட்டது. கையெழுத்தில் திருத்துகிற நேரத்துக்குள் இரண்டு முறை தட்டச்சு செய்துவிடலாம். கமிஷன் மண்டியிலிருந்து வரும் சிட்டைகள் பெரும்பாலும் இந்த வகை. ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோமே என்று அசல் பில்களைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடவும் கூடாது. அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ஸ்கேன் கோப்புக்கு வியாபாரியின் பெயர், பில் எண், தேதி மூன்றையும் சேர்த்துப் பெயர் வைத்து, அசலை அதே வரிசையில் ஃபைலில் கோத்துவிட்டால், சந்தேகம் வரும் வரிசைக்கு ஐந்து நிமிடத்தில் அசலை எடுத்துப் பார்த்துவிடலாம்.